சீதை தாண்டிய கோடு: ஒரு டிவி தொடர் நம் ராமாயண நினைவை மாற்றிய விதம்

கல்லூரியில் கம்பராமாயண வகுப்பு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த அனுமன், சீதையைப் பார்த்த செய்தியை ராமனிடம் சொல்லும் பாடலைப் படித்துக்கொண்டிருந்தோம். "உம்பி புல்லினால் தொடுத்த தூய சாலையில் இருந்தாள்" என்கிறான் அனுமன். உன் தம்பி புல்லால் கட்டிய குடிசையில் இருந்தாள் என்று பொருள். எனக்குக் குழப்பமாகிவிட்டது. லட்சுமணன் குடிசை கட்டியது பஞ்சவடியில். சீதை இருப்பதோ இலங்கையில், அசோகவனத்தில். அந்தக் குடிசை எப்படிக் கடலைத் தாண்டி அங்கே போனது? லட்சுமணன் போட்ட கோட்டைத் தாண்டி வெளியே வந்த சீதையைத்தானே ராவணன் தூக்கிக்கொண்டு போனான்?

ஆசிரியரிடம் அப்படியே கேட்டேன். அவர் ஆரணிய காண்டத்தைத் திருப்பி, சடாயு வருவதற்குச் சற்று முன்னால் உள்ள பாடலைக் காட்டினார். கம்பனின் ராவணன் சீதையைத் தொடவில்லை. குடிசை நின்ற நிலத்தையே ஒரு யோசனை அளவுக்குக் கீண்டு எடுத்து, அதை அப்படியே தேரில் வைத்துக்கொண்டு போகிறான். விரும்பாத பெண்ணைத் தொட்டால் அழிவான் என்ற சாபம் அவனுக்கு உண்டு. ஆகவே கம்பனின் சீதை அந்தக் குடிசையோடுதான் இலங்கைக்குப் போகிறாள். அனுமன் சொன்ன செய்தியின் உயிரே அதில்தான் இருக்கிறது. லட்சுமணன் கோடு போட்டதாகக் கம்பனில் எங்கேயும் இல்லை.

அப்படியானால் எனக்கு அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தால் படித்த நினைவு இல்லை, பார்த்த நினைவுதான் இருந்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்த இந்தி ராமாயணம். லட்சுமணன் அம்பு முனையால் மண்ணில் கோடு இழுப்பான், ராவணன் கால் வைக்கப் போனால் நெருப்பு எழும். எனக்கு அப்போது இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அந்தப் படம் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

ஒரு கூட்டமே சேர்ந்து "இதுதான் நம் கதை" என்று நினைவில் வைத்திருப்பதைச் சமூகவியலில் கூட்டு நினைவு என்பார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் அல்பவாக்ஸ் 1920களில் இந்தக் கருத்தை விரித்து எழுதினார். நாம் தனியாக நினைப்பதாகத் தோன்றுகிற பலவற்றை உண்மையில் நம் குடும்பமும் ஊரும் சமயமும் சேர்ந்து நினைக்க வைக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். சரி, அந்த இடத்தில் ஊருக்குப் பதிலாக நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை வந்து நின்றால் என்ன ஆகும்? ராமாயணத் தொடரை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

ராமானந்த சாகர் எடுத்த 'ராமாயண்' தூர்தர்ஷனில் 1987 ஜனவரி 25 அன்று தொடங்கி 1988 ஜூலை 31 அன்று முடிந்தது. முதலில் 52 பகுதிகள் என்று திட்டமிட்டது, வரவேற்பைப் பார்த்து 78 வரை நீண்டது. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ஒளிபரப்பு. அந்த நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின என்றும், மின்சாரம் போன இடங்களில் மக்கள் மின்நிலையத்துக்குப் போய்ச் சண்டை போட்டார்கள் என்றும் பத்திரிகைகள் எழுதின. குளித்துவிட்டு வந்து, டிவி பெட்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் பார்த்த வீடுகள் ஏராளம். ஒவ்வொரு வாரமும் எட்டு முதல் பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். டிவி இருந்த வீடுகள் குறைவு. ஒரு வீட்டில் தெருவே கூடும். அப்போது இந்தியாவில் தூர்தர்ஷனைத் தவிர வேறு தொலைக்காட்சி நிலையமே கிடையாது. தூர்தர்ஷன் பிடிக்கவில்லையென்றால் பெட்டியை அணைப்பது ஒன்றுதான் வழி.

இதற்கு முன்னாலும் ராமாயணம் பெருங்கூட்டத்திடம் போய்ச் சேர்ந்துதான் இருந்தது. வட இந்தியாவில் ராமலீலா. நம் பக்கம் கதாகாலட்சேபம், தோல்பாவைக்கூத்து, தெருக்கூத்து, கம்பன் விழா. அப்புறம் காலண்டர் படங்கள், திரைப்படங்கள். ஆனால் கூத்தில் ஒரு விஷயம் உண்டு. ஆர்க்காடு பக்கம் ஆடுகிறவர் ஒரு மாதிரி சொல்வார், தெற்கே ஆடுகிறவர் வேறு மாதிரி சொல்வார். ஒரே ஊரில் போன வருடம் ராவணனுக்கு இருந்த வசனம் இந்த வருடம் இருக்காது. பார்க்கிறவர் நடுவில் எழுந்து, "எங்க தாத்தா காலத்துல இப்படி இல்லையே" என்று சொல்லலாம். கதை ஒன்று, சொல்வது பல என்பது எல்லோருக்கும் தெரிந்த, யாருக்கும் தொந்தரவு தராத உண்மையாக இருந்தது.

டிவி மாற்றியது இதைத்தான். ஒரே வடிவம், ஒரே நேரம், ஒரே முகம், எல்லோருக்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை. திங்கட்கிழமை டீக்கடையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் எல்லோரும் ஒரே காட்சியைப் பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் நினைவை இறுக்கியது என்று நினைக்கிறேன். பார்ப்பது ஒருமுறை, அதைப் பற்றிப் பேசுவது வாரம் முழுக்க. நடத்துவதும் அரசு நிலையம் என்பதால் பாடப்புத்தகத்துக்கு இருக்கிற மாதிரி ஓர் அதிகாரமும் அதற்கு வந்துவிட்டது. வரலாற்றாசிரியர் ரோமிலா தாப்பர் 1989இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இடத்தைத்தான் தொட்டார். அவர் தொடரின் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. பலவகை ராமகதைகள் வாழ்கிற நாட்டில், அரசு ஊடகம் ஒன்றை மட்டும் தேசத்தின் ராமாயணமாக நிறுத்துவதே அவர் எழுப்பிய சிக்கல்.

சாகர் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு எடுத்தார் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வாரமும் பெயர்ப் பட்டியலில் வால்மீகி, துளசிதாசர், கம்பன், தெலுங்கின் ரங்கநாத ராமாயணம், வங்காளத்தின் கிருத்திவாசர் என்று வரிசையாக நூல்களுக்கு நன்றி வரும். தொடக்கத்தில் அதைப் பார்க்கிறவருக்குப் பல ராமாயணங்களும் இங்கே இருக்கின்றன என்று தோன்றும். ஆனால் பல நூல்களிலிருந்து எடுத்துக் கட்டினாலும் திரையில் ஓடுவது ஒரு கதைதானே. எந்தக் காட்சி எந்த நூலிலிருந்து வந்தது, எங்கே நூல்கள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன என்பதைப் பட்டியல் சொல்லாது. கம்பனின் பெயர் இருந்தது. கம்பனின் குடிசை இலங்கைக்குப் போகவில்லை.

இப்போது அந்தக் கோட்டுக்கே வருவோம். இது சாகர் கண்டுபிடித்ததும் இல்லை. வால்மீகியில் கோடு கிடையாது. சீதை கடுமையாகப் பேசியதும் லட்சுமணன், வனதேவதைகள் உன்னைக் காக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். துறவி வேடத்தில் வந்த ராவணனைச் சீதை விருந்தாளியாக நினைத்து உபசரிக்கிறாள். பிறகு அவன் அவளைப் பிடித்து இழுத்துத் தூக்கிப் போகிறான். துளசிதாசரின் ஆரணிய காண்டத்திலும் கோடு வரைகிற காட்சி இல்லை. ஆனால் பின்னால், லங்கா காண்டத்தில், மண்டோதரி ராவணனைக் குத்திக்காட்டும்போது, ராமனின் தம்பி போட்ட சின்னக் கோட்டைக்கூட உன்னால் தாண்ட முடியவில்லையே, இதுதானா உன் ஆண்மை என்று கேட்கிறாள். கிருத்திவாசரின் வங்காள ராமாயணத்தில் லட்சுமணன் குடிசையைச் சுற்றி வட்டமே போடுகிறான். வாய்மொழிக் கதைகளிலும் இது பல காலமாக உண்டு. தமிழ்நாட்டிலும் பாட்டிகள் சிலர் டிவி வருவதற்கு முன்பே கோட்டுக் கதையைச் சொல்லியிருப்பார்கள்.

ஆக, தொடர் செய்தது கண்டுபிடிப்பு இல்லை, தேர்வு. பல வடிவங்களில் ஒன்றை எடுத்து, கோடிக்கணக்கான பேருக்கு ஒரே சமயத்தில் காட்டியது. ஒளிபரப்பு நம்பிக்கையை மாற்றும் வழி பெரும்பாலும் இதுதான். புதிய பொய் எதுவும் உள்ளே வராது. இருந்த பலவற்றில் ஒன்று பெரிதாகி, மற்றவை மெல்ல மறக்கப்படும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். மறந்துபோனது மறந்துபோனதாகவே நமக்குத் தெரியாது.

எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதோடு கதையின் பொருளும் நகர்ந்துவிடுகிறது. கோடு இல்லாத வால்மீகியிலும் கம்பனிலும் குற்றம் முழுக்க ராவணனுடையது. வீடு தேடி வந்த துறவிக்கு உணவு கொடுப்பது இல்லறத்தின் கடமை, அதைச் சீதை செய்கிறாள், அவன் ஏமாற்றுகிறான். கோடு வந்தவுடன் கதையில் ஒரு விதி வந்துவிடுகிறது. அதை மீறியவள் சீதை என்றும் ஆகிவிடுகிறது. "கோட்டைத் தாண்டாதே" என்று பெண் பிள்ளைகளிடம் சொல்வதற்கும், அரசியல்வாதிகள் எதிர்க்கட்சிக்கு "லட்சுமண ரேகை" போடுவதற்கும் இந்த வடிவம் மட்டும்தான் உதவும். கம்பனின் வடிவத்தை வைத்து ஒரு பெண்ணை அப்படி அடக்க முடியாது. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மண் கோட்டில் இவ்வளவு இருக்கிறது.

இன்னொரு காட்சியும் இதே மாதிரிதான். போர் முடிந்த பிறகு ராமன் சீதையைக் கடுஞ்சொல் சொல்கிறான், அவள் தீயில் இறங்குகிறாள். வால்மீகியிலும் கம்பனிலும் அந்தச் சொற்களைப் படிக்கவே மனம் கூசும். பல நூற்றாண்டுகளாக வாதாடுகிறவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிற இடம் அது. அத்யாத்ம ராமாயணத்திலும் துளசிதாசரிடமும் இதற்கு ஒரு வழி உண்டு. ராவணன் தூக்கிப் போனது மாயச் சீதையை, உண்மையான சீதை அதற்கு முன்பே அக்கினியிடம் பத்திரமாக இருந்தாள், தீக்குளிப்பு அவளைத் திரும்பப் பெறும் சடங்கு. சாகர் இந்த வழியைத்தான் எடுத்தார். லட்சுமணன் கொதித்துக் கேட்க, ராமன் அப்போதுதான் அந்த ரகசியத்தைச் சொல்கிறான். டிவி முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் எழ வேண்டிய கேள்வியும் எழாமலே போயிற்று.

படங்கள் இவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டதற்குக் காட்சி எடுத்த விதமும் காரணம். அமெரிக்க ஆய்வாளர் ஃபிலிப் லுட்கென்டார்ஃப் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தொடர் மெதுவாக நகர்கிறது என்று நகரத்து விமர்சகர்கள் கேலி செய்தார்கள். கேமரா முகத்தின் மேலேயே நிற்கிறது, ஒருவர் பேசியதும் சுற்றி இருக்கிற ஒவ்வொருவர் கண்ணையும் காட்டுகிறது, கதை நகர மாட்டேன் என்கிறது என்றார்கள். பக்தியோடு உட்கார்ந்தவருக்கு அதுதான் தேவையாக இருந்தது. கோயிலில் திரை விலகியதும் நாம் கதையா கேட்கிறோம்? சாமி முகத்தைப் பார்க்கிறோம், சாமி நம்மைப் பார்ப்பதாக உணர்கிறோம். தரிசனம் என்பது அந்த இருவழிப் பார்வை. ராமனாக நடித்த அருண் கோவிலின் முகத்தை வாரா வாரம் குளோசப்பில் பார்த்தவர்களுக்கு ராமன் என்றால் அந்த முகம்தான் என்று ஆயிற்று. வெளியே போனால் மக்கள் அவர் காலில் விழுந்தார்கள்.

அந்த முகங்கள் அரசியலுக்கும் வந்தன. 1988இல் நடந்த அலகாபாத் இடைத்தேர்தலில் அருண் கோவில் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தார். அந்தத் தொகுதியில் வென்றது வி.பி. சிங். 1991இல் சீதையாக நடித்த தீபிகா சிக்லியா பரோடாவிலும், ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்கந்தாவிலும் பாரதிய ஜனதா சார்பில் நின்று மக்களவைக்குப் போனார்கள். ராவணன் ஜெயித்ததைக் கவனியுங்கள். மக்கள் நடிகரைக் கடவுளென்று நம்பி ஓட்டுப் போட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பது அதிலேயே தெரிகிறது.

தொடர் ஓடிய காலம் அயோத்தி விவகாரம் சூடேறிய காலமும்தான். 1986 பிப்ரவரியில் பாபர் மசூதியின் பூட்டுத் திறப்பு, 1989 நவம்பரில் சிலான்யாஸ் என்ற அடிக்கல் நாட்டு விழா, 1990இல் ரத யாத்திரை, 1992 டிசம்பர் 6இல் மசூதி இடிப்பு. அதனால் சிலர் தொடரே இதையெல்லாம் செய்தது என்பார்கள். அது அவசர முடிவு. 1984இல் 2 இடம் வென்ற பாரதிய ஜனதா 1989இல் 85 இடம் வென்றதற்குத் தொகுதி உடன்பாடு, போஃபர்ஸ் ஊழல் கோபம் என்று வேறு காரணங்களும் உண்டு. தொடரை ஒளிபரப்பியதே காங்கிரஸ் அரசுதான். இதை விரிவாக ஆராய்ந்த அரவிந்த் ராஜகோபால் சொல்வது நுட்பமானது. தொடர் யாரையும் நேராக ஒரு கட்சிக்குத் தள்ளவில்லை. நாடு முழுவதும் ஒரே சமயத்தில் ஒரே ராமனைப் பார்க்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்ற உணர்வை அது உண்டாக்கியது. அந்தக் கூட்டத்தை நோக்கிப் பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள். டிவி ஆள் சேர்க்கவில்லை, மேடை போட்டுக் கொடுத்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் நினைவில் எது நூலிலிருந்து வந்தது, எது திரையிலிருந்து வந்தது என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது மனதில் சொல்லாக வருகிறதா படமாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். படமாக வந்தால், அதில் யாருடைய முகம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் 1987க்கு முன்பே வளர்ந்த ஒருவரிடம் அதே காட்சியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், நீங்கள் எதுவும் எடுத்துக்கொடுக்காமல். கடைசியாக நூலைத் திறங்கள். மகாபாரதத்தில் முயன்றால் இன்னும் சுவாரசியமாக இருக்கும். இந்திரப்பிரஸ்த மாளிகையில் தண்ணீரில் விழுந்த துரியோதனனைப் பார்த்துத் திரௌபதி "குருடன் மகன் குருடன்" என்று சிரித்தாள் என்று பலரும் சொல்வார்கள். வியாச பாரதத்தில் அந்த இடத்தில் சிரிப்பவர்கள் பீமனும் மற்றத் தம்பிமாரும் வேலையாட்களும். பின்னால் தந்தையிடம் முறையிடும்போதுதான் துரியோதனன் திரௌபதியும் சிரித்தாள் என்கிறான். குருடன் மகன் என்ற வசனம் அங்கே இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: நூலில் இல்லாததெல்லாம் டிவியால் வந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நடுவில் கூத்து, நாடகம், சினிமா என்று பல படிகள் இருக்கின்றன.

2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, தூர்தர்ஷன் அதே தொடரை மறுபடி ஒளிபரப்பியது. ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று நிலையம் அறிவித்தது. உலகச் சாதனை என்று அது சொன்னதைச் சிலர் மறுத்தார்கள். ஆனால் 1987க்குப் பிறகு பிறந்தவர்களும் அதே கோட்டை, அதே முகங்களை இப்போது பார்த்துவிட்டார்கள்.

எனக்கு மறக்க முடியாதது 1988இல் நடந்த ஒன்று. தொடர் பட்டாபிஷேகத்தோடு முடியப்போகிறது என்று தெரிந்ததும் பஞ்சாபில், ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் பரவியது. தெருக்களில் குப்பை குவிந்தது. அவர்கள் கேட்டது கூலி உயர்வு இல்லை. உத்தர காண்டத்தையும் ஒளிபரப்ப வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் தொழிலாளர்களில் பலர் வால்மீகி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். வால்மீகி முனிவரைத் தங்கள் முன்னோராகவும் தெய்வமாகவும் வணங்குகிறவர்கள். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு வால்மீகி அடைக்கலம் கொடுத்து, லவனையும் குசனையும் வளர்த்து, அவர்களுக்கு ராமாயணத்தைக் கற்றுக்கொடுப்பது உத்தர காண்டத்தில்தான். அதை விட்டுவிட்டால் கதையில் அவர்கள் முனிவருக்குப் பெரிதாக இடம் இல்லை.

அரசு இறங்கி வந்தது. தொடர்ச்சியை எடுக்க அனுமதி கொடுத்தது, லவ குசர் கதை பிறகு ஒளிபரப்பாயிற்று. அந்த மக்களிடம் உத்தர காண்டம் ஏற்கெனவே இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லியும் பாடியும் விழா எடுத்தும் வந்தார்கள், அதை யாரும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. ஆனாலும் 1988இல் அது போதவில்லை. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு வராத வால்மீகி, நாட்டின் ராமாயணத்திலேயே இல்லாத வால்மீகியாகிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.